படுக்கைப் புண்ணில் தொற்று: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ் நான். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மறதி நோய் என்று படுக்கையில் இருப்பவர்களின் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பெரும்பாலும் வால் எலும்புப் பக்கம் வரும் புண்ணைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். வீட்டில் அதிகம் வருவதும், அதிகம் சீழ் பிடிப்பதும் அதுதான்.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கு. இது புண்ணாகப் போகுதா, சும்மா படுத்த தடமா?

விரலால் அந்தச் சிவப்பை மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்து, பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அவரை வேறு பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் அரை மணி நேரத்தில் தடம் மங்கிவிடும். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். தோல் கிழியவில்லை, ஆனால் உள்ளே சேதம் ஆரம்பித்துவிட்டது.

நம் ஊரில் பலருக்கு மாநிறம் அல்லது கருந்தோல் என்பதால் சிவப்பே தெரியாது. அப்போது கண்ணை நம்ப வேண்டாம், புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கல் மாதிரி இறுகியோ, இல்லை பொதபொதவென்றோ இருந்தால் அதுவும் அதே கணக்குத்தான். ஊதா அல்லது கருநீல நிறம் தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. மேலே தோல் முழுதாக இருக்கும், உள்ளே சதை செத்திருக்கும், சில நாளில் பெரிய புண்ணாகத் திறந்துகொள்ளும். 'நேற்று வரை ஒன்றுமே இல்லையே, ராத்திரியில் எப்படி இவ்வளவு பெரிசா வந்தது' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சிவந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே நசுங்கிய சின்ன ரத்தக் குழாய்கள் இன்னும் சிதையும்.

புண்ணு மேல மஞ்சளா ஒட்டிக்கிட்டிருக்கு, நாத்தமும் அடிக்குது. சீழ் பிடிச்சிருச்சா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். மஞ்சளாக, நார் நாராக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் செத்த திசு. டாக்டர்கள் ஸ்லஃப் என்பார்கள். சீழ் வழியும், துடைத்தால் வரும். இது ஒட்டியிருக்கும், துடைத்தால் வராது. அது இருக்கும்வரை புண் ஆறாது, கிருமிக்கு அது தீனியும்கூட, அதனால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவே தொற்று அல்ல.

நாற்றமும் அப்படித்தான். இரண்டு நாள் மூடியிருந்த டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால் நல்ல புண்ணிலிருந்தும் வாடை வரும். சலைனில் கழுவி முடித்த பிறகு குனிந்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் நாறினால்தான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திறந்திருக்கும் எந்தப் புண்ணிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, அது சதைக்குள் நுழைந்து உடம்போடு சண்டை போடுவது வேறு. மருந்து தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான்.

அப்போ தொற்றுன்னு எதை வச்சு கண்டுபிடிக்கிறது?

புண்ணை நேற்றைய புண்ணோடு ஒப்பிட்டுத்தான். ஒரே நாள் பார்த்துச் சொல்வது எனக்கே கஷ்டம், தினமும் பார்க்கும் உங்களுக்கு அது சுலபம்.

முதலில் மாறுவது பெரும்பாலும் நீர்தான். நேற்று வரை ஒரு நாள் தாங்கிய பேட் இன்று மத்தியானமே நனைந்து தொங்கும். அடுத்தது உள்ளே இருக்கும் சதையின் நிறம். ஆறும் சதை இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன மணியாக, ஈரமாக இருக்கும். காஸ் பட்டால் ரத்தம் வராது. தொற்று வந்தால் அது அடர்சிவப்பாகவோ மங்கலாகவோ மாறி, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். இரண்டு வாரமாக ஒழுங்காக டிரெஸ்ஸிங் செய்தும், திருப்பிப் படுக்க வைத்தும் அளவு குறையாமல் நிற்பதும் ஒரு அறிகுறி. இதுவரை எல்லாம் புண்ணுக்குள் நடப்பது. இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டினால் போதும்.

புண்ணின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் கணக்கு மாறும். ஓரத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் சிவந்து, சூடாகி, வீங்கி, இறுகியிருந்தால் கிருமி நல்ல தோலுக்குள் போய்விட்டது. பக்கத்தில் புதிதாகச் சின்னப் புண் திறந்தாலும் அதே அர்த்தம். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் இருந்தால் பால்பாயின்ட் பேனாவால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தோலில் கிறுக்குவதற்குச் சில வீடுகளில் தயங்குவார்கள். டாக்டருக்கு நீங்கள் பத்து வாக்கியம் சொல்வதைவிட அந்தக் கோடு அதிகம் சொல்லும்.

காய்ச்சல் இல்லையே, அப்புறம் என்ன பயம்?

வயதானவர்களிடம் இதை நம்பித்தான் பலர் நாள் கடத்திவிடுகிறார்கள். முதியவர் உடம்பு காய்ச்சலை எழுப்பாமலே தொற்றில் மூழ்கலாம். சில சமயம் உடம்பு குளிர்ந்தே போகும். வலிக்காக பாராசிட்டமால் சாப்பிடுபவருக்குத் தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியாது.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது தாண்டிய அம்மா, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, சர்க்கரையும் உண்டு. வால் எலும்பு மேல் 4 சென்டிமீட்டர் நீளம், 3 அகலம், 1 ஆழத்தில் புண். இளஞ்சிவப்பாக ஆறிக்கொண்டிருந்தது. மருமகள்தான் பார்த்துக்கொண்டார், தினமும் ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார்.

திங்கள்கிழமை அவர் எழுதியது, பேட் சீக்கிரம் நனைந்தது என்பது மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ஓரம் இரண்டு விரல் அகலம் சிவந்து இறுகியிருந்தது, காஸை எடுக்கும்போது ரத்தம் வந்தது. அன்று காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 230. வழக்கமாக 140 பக்கம் இருக்கும், சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. புதன்கிழமை காலை இட்லியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினார். 'அத்தைக்கு ராத்திரி சரியா தூக்கமில்லை' என்று நினைத்துக்கொண்டார்கள். தெர்மாமீட்டர் 98.2 காட்டியது, அவர் தினம் இரண்டு வேளை பாராசிட்டமால் எடுப்பவர். ஆனால் நாடித்துடிப்பு 112, மூச்சு நிமிடத்துக்கு 24. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வெளியே தெரிந்த புண்ணின் ஓரத்துக்கு அடியில் 3 சென்டிமீட்டருக்கு ஒரு பை மாதிரி சீழ் கட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

கவனியுங்கள், அந்த நோட்டில் எல்லாமே இருந்தது. நனைந்த பேட், இறுகிய ஓரம், ஏறிய சர்க்கரை மூன்றையும் செவ்வாய்க்கிழமையே சேர்த்துப் படித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். படுக்கைப் புண் உள்ள சர்க்கரைக்காரருக்குக் காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் புண்ணைப் பிரித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே டிரெஸ்ஸிங் பண்றது எப்படி? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

பிரிக்கும்போது வலிக்கும் என்றால், டாக்டர் அனுமதித்த வலி மாத்திரையை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு கொடுத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனாலும் தூசி புண்ணில் விழக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை போட்டுக்கொண்டு பழைய டிரெஸ்ஸிங்கை எடுங்கள். காஸ் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள், தானாக வரும். வறண்டதைப் பிய்த்தால் புதிதாக வந்த சதையும் சேர்ந்து வரும். எடுத்த பேடை உடனே குப்பையில் போடாமல் ஒரு பார்வை பாருங்கள்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம்.

அந்தக் கையுறையைக் கழற்றிவிட்டு, மறுபடி கை கழுவிப் புதியது போடுங்கள். இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பிறகு 20 மில்லி சிரிஞ்சில், ஊசி இல்லாமல், நார்மல் சலைனை எடுத்துப் புண்ணுக்குள் பீய்ச்சிக் கழுவுங்கள். வழியும் நீர் தெளிவாகும்வரை நாலைந்து முறை. பஞ்சால் உள்ளே தேய்க்க வேண்டாம், பஞ்சு நூல் உள்ளே தங்கிவிடும். சுற்றியுள்ள தோலை மட்டும் காஸால் ஒற்றி உலர்த்துங்கள்.

ஆழமான புண் என்றால் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸைக் குழிக்குள் தளர்வாக வையுங்கள். சொட்டவும் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது. அமுக்கித் திணித்தால் அதுவே உள்ளிருந்து அழுத்தம் கொடுக்கும். சின்னத் துண்டுகளாக வைப்பதைவிட நீளமான ஒரே துண்டை மடித்து வைத்து, அதன் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். அடுத்த முறை எதுவும் உள்ளே மறந்துபோகாது. அதற்கு மேல் உலர்ந்த பேட், மேலே மைக்ரோபோர் பிளாஸ்டர். காஸ் டிரெஸ்ஸிங்கை நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ மாற்ற வேண்டியிருக்கும். ஃபோம் டிரெஸ்ஸிங் என்றால், நனையாமல் இருந்தால், மூன்று நாள் வரை விடலாம். விலை கூடுதல்தான், ஆனால் அடிக்கடி பிரிக்காததால் சதைக்கு நல்லது.

கடையில் சலைன் கேட்கும்போது 'என்.எஸ்.' பாட்டில் என்று கேளுங்கள். 'டி.என்.எஸ்.' என்றால் அதில் சர்க்கரை கலந்திருக்கும், புண்ணில் ஊற்றுவதற்கு அல்ல. 100 மில்லி பாட்டில் வாங்குவது நல்லது, திறந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ராத்திரியில் சலைன் தீர்ந்துவிட்டால், கொதிக்க வைத்து மூடி ஆற விட்ட தண்ணீரில் கழுவலாம், தவறில்லை.

பெட்டாடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள்... எதைப் போடலாம்?

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் போகிற மாதிரி தோன்றும். அது கிருமியோடு புதுச் சதையையும் சேர்த்துக் கரிக்கும். ஸ்பிரிட், டெட்டாலும் அப்படித்தான். பெட்டாடின் கரைசலுக்கு இடம் உண்டு: தொற்று இருக்கும் புண்ணுக்கு டாக்டர் சொல்லும் சில நாட்களுக்கு மட்டும். ஆறிக்கொண்டிருக்கும் இளஞ்சிவப்புச் சதையில் மாதக்கணக்கில் ஊற்றுவது ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மஞ்சள்தூள், விபூதி, முகப்பவுடர், ஆன்டிபயாடிக் பவுடர் எதுவும் குழிக்குள் வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து கட்டிப்பட்டு அடியில் தங்கிவிடும், மறுநாள் அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு வேலை. சமையலறைத் தேனும் வேண்டாம். புண்ணுக்கென்று கிருமி நீக்கிய தேன் தனியாக வருகிறது.

ஆன்டிபயாடிக் கடையில வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா? ஸ்வாப் எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?

வேண்டாம். செத்த திசுவுக்கு ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது. அதை அகற்றாமல் மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

மேலோட்டமாகத் தடவி எடுத்த ஸ்வாபில் நாலு கிருமியின் பெயர் வரும், அதைப் பார்த்து வீடே பயந்துவிடும். புண்ணின் மேல் எப்போதும் இருப்பவைதான் அவை. தொற்று அறிகுறி இருக்கும்போது, புண்ணை நன்றாகக் கழுவிய பிறகு ஆழத்திலிருந்து எடுக்கும் சிறு திசுத் துண்டின் பரிசோதனைதான் உதவும். அதை டாக்டர் செய்வார்.

அப்பா குதிகால்ல கறுப்பா காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. உரிச்சு எடுத்துடலாமா?

தொடாதீர்கள். காய்ந்து, இறுக்கமாக, சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாமல் இருந்தால் அந்தக் கறுப்புப் பொருக்கே அவருக்கு மூடி. உரித்தால் கீழே எலும்பு வரை வழி திறக்கும். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்கால் அடியில் தலையணை வையுங்கள். பொருக்கு ஓரத்தில் இளகி, ஈரமாகி, வாடை வந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். சர்க்கரைக்காரர், கால் குளிர்ந்திருப்பவர் என்றால் பாதத்தின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மோஷன் போய் டிரெஸ்ஸிங்குக்குள்ள போயிடுது. ஒவ்வொரு தடவையும் மாத்தணுமா?

ஆமாம், ஒவ்வொரு தடவையும். வால் எலும்புப் புண்ணுக்குள் மலம் போனால் அதைவிடச் சுலபமான தொற்று வழி இல்லை. கீழ்ப்பக்க ஓரத்தில், ஆசனவாயை ஒட்டிய பக்கம், பிளாஸ்டரை அகலமாக ஒட்டி வழி அடையுங்கள். சுற்றித் தோலில் ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிசாகத் தடவுங்கள். பிளாஸ்டர் ஒட்டும் இடத்தில் தடவினால் ஒட்டாது. படுக்கையில் டயப்பரை இறுக்கிக் கட்டி வைக்காமல், விரித்து அடியில் போட்டால் காற்றாவது படும். எவ்வளவு செய்தும் அடங்காத பேதி இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

ஏர் பெட் வாங்கியாச்சு. இனிமே திருப்பிப் படுக்க வைக்கணுமா?

வேண்டும். ஏர் பெட் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டித் தரும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்து வைத்தால் இடுப்பு எலும்பு முட்டில் புதிதாகப் புண் வரும். முதுகுக்கு அடியில் தலையணை செருகி முப்பது டிகிரி சாய்வாக வையுங்கள். டி.வி. பார்க்கத் தலைப்பக்கத்தைத் தூக்கி மணிக்கணக்கில் விட்டால் உடம்பு வழுக்கி, தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும், உள்ளே அறுபடும்.

பெட் மேல் ரப்பர் ஷீட், மடித்த போர்வை, அதன் மேல் பழைய புடவை என்று அடுக்கினால் காற்றறை இருந்தும் இல்லாத மாதிரிதான். கரண்ட் போனால் எவ்வளவு நேரத்தில் காற்று இறங்குகிறது என்று முன்பே ஒரு முறை பார்த்து வையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வேண்டாம், சுற்று விளிம்பில் ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

எப்போ டாக்டர்கிட்ட போனா போதும், எப்போ 108 கூப்பிடணும்?

எலும்பு தெரிந்தாலோ, கழுவும்போது அடியில் கடினமாக எதுவும் தட்டுப்பட்டாலோ, ஓரத்துக்கு அடியில் குழி போவதாகத் தோன்றினாலோ, சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டினாலோ, கெட்டியான சீழ் வந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

108ஐக் கூப்பிட வேண்டியது வேறு நிலை. அவர் வழக்கத்தைவிட மயங்கிக் கிடக்கிறார், கூப்பிட்டால் குழம்பிப் பேசுகிறார், மூச்சு நிமிடத்துக்கு 22க்கு மேல், கை கால் சில்லென்று இருக்கிறது, சிறுநீர் அரை நாளாக வரவில்லை, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100க்குக் கீழே. இதில் எது புதிதாக வந்தாலும் தொற்று ரத்தத்துக்குப் போயிருக்கலாம், காலை வரை காத்திருக்கக் கூடாது. புண்ணைச் சுற்றித் தோல் மணிக்கணக்கில் கறுத்துக்கொண்டே வந்தாலோ, அழுத்தினால் உள்ளே நறநறவென்று காற்று இருப்பதுபோல் உணர்ந்தாலோ, ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ அதுவும் அவசரம்தான். மூச்சை எண்ணும்போது கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது மருந்துச் சீட்டு, புண்ணின் போட்டோக்கள், கடைசியாகப் பாராசிட்டமால் கொடுத்த நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில என்ன செய்வாங்க? ஆபரேஷன் இருக்குமா?

முதலில் ரத்தப் பரிசோதனை, ஊசி வழியே ஆன்டிபயாடிக். சீழ்ப் பை இருந்தால் திறந்து வடிப்பார்கள், செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். அதன் பிறகு புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மறைந்திருந்தது இப்போது தெரிகிறது. எலும்பில் தொற்று என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுப்பார்கள், உறுதியானால் சிகிச்சை வாரக்கணக்கில் போகும். தசையை நகர்த்தி மூடும் பிளாஸ்டிக் சர்ஜரி எல்லோருக்கும் ஏற்றதல்ல. உடம்பு தாங்க வேண்டும், சாப்பாடு தேற வேண்டும், அதற்குப் பிறகும் அந்த இடத்தில் எடை படக் கூடாது.

கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இருக்கிறது. வீட்டிலிருந்து நகர்த்த முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

சாப்பாட்டில் என்ன சேர்க்கணும்?

புரதம். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை கிராம் என்று கணக்கு. 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, அதனால் ரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் கொடுத்துவிட்டு 'சாப்பிடுறாங்க' என்று நினைக்க வேண்டாம். முட்டை, கெட்டிப் பருப்பு, தயிர், மீன், பனீர், சுண்டல் மசியல் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்த அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். விழுங்கும்போது இருமல் வருகிறவருக்கு எதையும் படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துச் சாய்த்துவிடுங்கள்.